விடுமுறை முகாமின் முதல் நாள்: பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வாங்க பிள்ளைகளே, வணக்கம். பாலத்தைத் தாண்டி பிறையிலிருந்தும் பட்டர்வொர்த்திலிருந்தும் வந்தவர்கள், ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம் பக்கம் இருந்து அப்பாவின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியவர்கள், எல்லாரும் பையை ஓரமாக வைத்துவிட்டு உட்காருங்கள். இந்தப் பள்ளி விடுமுறையில் 5 நாள் நாம் இந்தத் தேவானில் ஒன்றாக விளையாடப் போகிறோம். பதிவு செய்த நாளிலிருந்து நீங்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். வாசிக்க வருகிறவர்கள் நீங்களே வாசியுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் அக்காவோ அண்ணனோ வாசித்துக் காட்டுவார்கள்.

அக்கா, 5 நாளும் என்னென்ன விளையாட்டு?

மூன்றே மூன்று பெரிய விளையாட்டுகள்தான். இன்றைக்குச் சொங்காக், கூடவே அதன் உறவுக்கார விளையாட்டான பல்லாங்குழி. நாளைக்கு ஐந்தாங்கல், ஆனால் கல்லை நீங்களே தைக்க வேண்டும். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் கிளித்தட்டு. உங்கள் பள்ளியில் இதைக் கலா பாஞ்சாங் என்று விளையாடியிருப்பீர்கள். ஐந்தாம் நாள் அம்மா அப்பாவை அழைத்து வாருங்கள், அன்றைக்கு அவர்களுக்கு நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நாளுக்குப் பத்து விளையாட்டு வைத்தால் எதுவும் கையில் நிற்காது. விதி பிடிபட்டு ருசி வரும் நேரத்தில் அடுத்த விளையாட்டுக்கு ஓட வேண்டியதாகிவிடும். அதனால்தான் மூன்றோடு நிறுத்திக்கொண்டோம்.

எனக்கு இங்க யாரையும் தெரியாது. யார்கூட விளையாடுறது?

இன்று காலை முதல் விளையாட்டே அதற்காகத்தான். எல்லாருக்கும் தெரிந்த ஒன் டூ சோம். விரல் நுனிகளைக் குவித்தால் பறவை, கையை விரித்து நீட்டினால் தண்ணீர், மூடினால் கல். பறவை தண்ணீரைக் குடித்துவிடும், கல் பறவையை அடித்துவிடும், கல் தண்ணீரில் மூழ்கிவிடும். தேவானில் நடந்துகொண்டே எதிரில் வருபவரிடம் முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள், பிறகு ஒரு முறை போடுங்கள். தோற்றவர் ஜெயித்தவருக்குப் பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டு, அவர் பெயரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஜெயித்தவர் அடுத்த ஆளைத் தேடுவார். கடைசியில் இரண்டு நீளமான ரயில்கள் மிஞ்சும். அதற்குள் நீங்கள் சிலர் பெயரையாவது கத்தியிருப்பீர்கள், உங்கள் பெயரையும் யாரிடமாவது சொல்லியிருப்பீர்கள்.

வெட்கமாக இருந்தால் முதல் சுற்றில் சும்மா சுவரோரம் நின்று பாருங்கள். யாரும் கையைப் பிடித்து இழுக்க மாட்டோம். பெரும்பாலும் மூன்றாவது ரயில் உருவாகும்போது தானாகக் கால் நகர்ந்துவிடும்.

சொங்காக் எப்படி விளையாடுறது? பாட்டி வீட்டுல பலகை இருக்கு, ஆனா யாருக்கும் விதி தெரியல.

பலகையை இருவருக்கும் நடுவில் நீளவாக்கில் வையுங்கள். உங்கள் பக்கம் 7 சின்னக் குழி, எதிராளி பக்கம் 7. இரண்டு முனையிலும் ஒவ்வொரு பெரிய குழி, அதற்கு ரூமா என்று பெயர். உங்கள் இடது கைப் பக்கம் இருப்பது உங்கள் ரூமா. சின்னக் குழி ஒவ்வொன்றிலும் 7 கொட்டை போட்டால் மொத்தம் 98. ரூமாக்கள் இரண்டும் காலியாக இருக்கும்.

உங்கள் முறை வந்தால் உங்கள் பக்கத்துக் குழி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் உள்ளதை முழுவதும் அள்ளி, இடப்பக்கமாக ஒரு குழிக்கு ஒரு கொட்டை வீதம் போட்டுக்கொண்டே போக வேண்டும். உங்கள் ரூமாவிலும் ஒன்று போடுவீர்கள். அதைத் தாண்டி எதிராளியின் குழிகளிலும் போடுவீர்கள். எதிராளியின் ரூமாவில் மட்டும் போடக் கூடாது, அதை விட்டுவிட்டு உங்கள் பக்கம் திரும்பி வர வேண்டும்.

கையில் உள்ள கடைசிக் கொட்டை எங்கே விழுகிறது என்பதுதான் விளையாட்டே. கொட்டை இருக்கும் குழியில் விழுந்தால், அதில் இருப்பதை எல்லாம் அள்ளித் தொடர்ந்து போடலாம். உங்கள் ரூமாவில் விழுந்தால் இன்னொரு முறை கிடைக்கும், விரும்பிய குழியிலிருந்து தொடங்கலாம். எதிராளி பக்கத்தில் காலிக் குழியில் விழுந்தால் மாத்தி, அதாவது உங்கள் முறை முடிந்தது. உங்கள் பக்கத்தில் காலிக் குழியில் விழுந்தால் தெம்பாக்: அந்தக் கொட்டையையும், அதற்கு நேர் எதிரே எதிராளி குழியில் இருப்பதையும் எடுத்து உங்கள் ரூமாவில் போட்டுக்கொள்ளலாம், அதோடு முறை முடியும். கடைசியில் யார் ரூமாவில் கொட்டை அதிகமோ அவருக்கு ஜெயம். 98-இல் பாதி 49, அதைத் தாண்டிவிட்டால் உங்களை யாரும் பிடிக்க முடியாது.

பழைய வழக்கப்படி முதல் சுற்றை இருவரும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். புதிதாகக் கற்கும்போது கைகள் மோதிக் குழப்பமாகிவிடும் என்பதால், இங்கே ஒருவர் பின் ஒருவராகத்தான் ஆடப் போகிறோம். யார் முதல் என்பதற்கு ஒன் டூ சோம்.

முதல்ல எந்தக் குழியைத் தொடணும்? என் அண்ணன் எப்பவும் என்னைத் தோற்கடிச்சிடுறான்.

அண்ணனுக்கு இது தெரியாது என்று நம்புவோம். பலகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் சொல்லச் சொல்லக் கொட்டையை நகர்த்துங்கள். வெறுமனே வாசித்தால் தலை சுற்றும்.

உங்கள் வலது ஓரத்தில், அதாவது உங்கள் ரூமாவிலிருந்து ரொம்பத் தள்ளி இருக்கும் குழியை எடுங்கள். அதில் 7 கொட்டை. இடப்பக்கம் இருக்கும் 6 குழிக்கு ஆறு போய்விடும், ஏழாவது நேராக ரூமாவில் விழும். இன்னொரு முறை கிடைத்துவிட்டது. இப்போது ரூமாவில் 1, வலது ஓரக் குழி காலி, மற்ற ஆறிலும் எட்டெட்டு.

அடுத்து ரூமாவுக்குப் பக்கத்தில் ஒட்டி இருக்கும் குழி. அதில் 8. முதல் கொட்டை ரூமாவில், மிச்சம் 7 எதிராளியின் ஏழு குழியிலும் ஒவ்வொன்றாக விழும். கடைசி விழுந்த குழியில் ஏற்கெனவே 7 இருந்தது, இப்போது 8. அந்த எட்டையும் அள்ளுங்கள். எதிராளியின் ரூமாவை விட்டுவிட்டு உங்கள் வலது ஓரத்திலிருந்து தொடங்கினால், ஏழு குழிக்கு ஏழு, எட்டாவது மறுபடியும் உங்கள் ரூமாவில். பாருங்கள், ரூமாவில் 3, கையில் இன்னொரு முறை.

இப்போது ரூமாவை ஒட்டிய குழியில் ஒரே ஒரு கொட்டை இருக்கும். அதை எடுத்துப் பக்கத்திலேயே ரூமாவில் போடுங்கள். 4 ஆகிவிட்டது, மீண்டும் உங்கள் முறைதான். எதிராளி இன்னும் பலகையைத் தொடவே இல்லை.

இங்கேதான் எல்லாரும் மாட்டிக்கொள்வது. அடுத்த குழியில், அதாவது ரூமாவிலிருந்து இரண்டாவதில், 9 கொட்டை நிறைவாகத் தெரியும். கை தானாக அங்கே போகும். போட்டுப் பார்த்தால் ஒன்பதாவது கொட்டை, நீங்கள் சற்றுமுன் அள்ளிக் காலியாக்கிய எதிராளி குழியில் விழுந்து மாத்தி ஆகிவிடும்.

அதற்குப் பதில் வலது ஓரக் குழியில் தனியாகக் கிடக்கும் ஒற்றைக் கொட்டையை எடுங்கள். அது பக்கத்துக் குழியில் விழும், அங்கே இருப்பதை அள்ளுவீர்கள், அது எதிராளி பக்கம் போகும், அங்கிருந்து திரும்ப உங்கள் பக்கம் வரும், இப்படிச் சுற்றிச் சுற்றி கடைசியில் உங்கள் நடுக் குழி காலியாக இருக்கும் நேரத்தில் அதில் வந்து விழும். எதிரே 2 கொட்டை இருக்கும். தெம்பாக். அந்த மூன்றையும் சேர்த்தால் ரூமாவில் 10. வழியில் ஓரிடத்தில் எண்ணிக்கை தவறினாலும் இது வராது, அதனால் உங்கள் ரூமாவில் 10 வரவில்லை என்றால் எங்கேயோ இரண்டு கொட்டை ஒன்றாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அடுக்கிவைத்து மறுபடி போடுங்கள். விரல் இடுக்கில் ஒட்டிக்கொண்டு இரண்டாக விழுவதுதான் இந்த விளையாட்டில் நடக்கும் பெரிய பிசகு. ஈரக் கையோடு விளையாடாதீர்கள்.

தொடக்கத்துக்கு மட்டும்தான் இந்த வழி. எதிராளி ஒருமுறை ஆடிவிட்டால் பலகை மாறிவிடும், அப்புறம் நீங்களே எண்ணிப் பார்த்துத்தான் ஆட வேண்டும். எண்ணும்போது கொட்டையைத் தொடாமல் கண்ணாலேயே எண்ணப் பழகுங்கள். குழியைத் தொட்டால் அதைத்தான் எடுக்க வேண்டும் என்பது எங்கள் விதி.

அப்போ பல்லாங்குழி வேற, சொங்காக் வேறயா?

ஒரே குடும்பம், ஆனால் ஆட்டம் வேறு. பல்லாங்குழியிலும் ஒரு பக்கத்துக்கு 7 குழிதான். நாம் ஒரு குழிக்கு 5 வீதம், 70 கொட்டை வைத்து ஆடுவோம். போடும்போது ரூமா கணக்கில் வராது, குழிகளைச் சுற்றியே போக வேண்டும்.

கடைசிக் கொட்டை விழுந்த குழியை அள்ளாமல், அதற்கு அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அந்த அடுத்த குழி காலியாக இருந்தால், அதைத் தடவிவிட்டு அதற்கும் அடுத்த குழியில் இருப்பது முழுவதும் உங்களுக்கு. இரண்டு குழி தொடர்ந்து காலியாக இருந்தால் ஒன்றும் கிடையாது, முறை போய்விடும். அப்புறம் பசு இருக்கிறது: ஆட்டத்தின் நடுவில் எந்தக் குழியிலாவது சரியாக 4 சேர்ந்தால், அந்தக் குழி யார் பக்கமோ அவர் அதை எடுத்துக்கொள்ளலாம். எதிராளி போட்டுக்கொண்டிருக்கும்போதே உங்கள் பக்கம் பசு விழும், அதனால் உங்கள் முறை இல்லாதபோதும் கண் பலகையில்தான் இருக்க வேண்டும். ஐந்தாவது கொட்டை விழுந்துவிட்டால் பசு போச்சு. எனக்குப் பல்லாங்குழிதான் கூடுதல் பிடிக்கும், காரணம் இந்தப் பசுதான்.

ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு விதி கொஞ்சம் மாறும். உங்கள் பாட்டி வேறு மாதிரி சொன்னால் அவர் சொன்னது தப்பு என்று நினைக்காதீர்கள். வந்து எங்களிடமும் சொல்லுங்கள், ஐந்தாம் நாள் அதையும் ஆடிப் பார்ப்போம்.

வீட்டுல இருக்கிற கொட்டையைக் கொண்டு வரலாமா?

புளியங்கொட்டை, சோழி, கோலி எல்லாம் கொண்டு வரலாம். மஞ்சாடியும் கொண்டு வரலாம், சாகா மரத்தடியில் பொறுக்குவீர்களே, முழுச் சிவப்பாகப் பளபளவென்று இருக்குமே, அது.

குன்றிமணி மட்டும் வேண்டாம். அதுவும் சிவப்புதான், ஆனால் ஒரு முனையில் கறுப்புப் பொட்டு இருக்கும். அதன் உள்ளே கடுமையான விஷம் இருக்கிறது. கடித்தோ மென்றோ விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கறுப்புப் பொட்டு உள்ள விதை எதுவாக இருந்தாலும் எங்களிடம் கொடுத்துவிடுங்கள், யார் கொண்டு வந்தது என்று கேட்க மாட்டோம். பெற்றோர் இந்தப் பத்தியைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். வீட்டில் இரண்டு வயசுத் தம்பி தங்கை இருந்தால் எந்தக் கொட்டையையும் தரையில் விட்டுவைக்காதீர்கள், தொண்டையில் சிக்கும்.

ஐந்தாங்கல்லுக்குக் கல்லை ஏன் தைக்கணும்? ரோட்டுல கல் கிடைக்குமே?

கிடைக்கும். அதிலும் விளையாடலாம். ஆனால் கல் சிமெண்டுத் தரையில் தெறித்து ஓடும், பிடிக்கும்போது விரல் முட்டி வலிக்கும். இங்கே பத்து செரம்பான் விளையாடுகிறவர்கள் துணிப்பைகளைத்தான் தைத்து வைத்துக்கொள்வார்கள். போட்ட இடத்தில் அப்படியே உட்காரும்.

நாளைக்கு ஒவ்வொருவருக்கும் 5 துணித் துண்டு தருவோம், பழைய பாவாடை, பாத்தேக் துணியில் வெட்டியது. ஒவ்வொன்றும் 10 செண்டிமீட்டர் நீளம், 5 செண்டிமீட்டர் அகலம். நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி இரண்டாக மடித்தால் சதுரமாகும். இரண்டு ஓரத்தைத் தைத்து ஒன்றைத் திறந்தே விட்டு, உள்பக்கத்தை வெளியே திருப்புங்கள். பச்சைப் பயறோ அரிசியோ இரண்டு தேக்கரண்டி போடுங்கள். இப்போது திறந்த வாயை மூடும்போதுதான் வித்தை: அப்படியே தட்டையாக மூடாமல், இரண்டு பக்கத் தையலும் ஒன்றையொன்று தொடும்படி வாயைக் குறுக்கே திருப்பி மூடித் தையுங்கள். தட்டைப் பை நான்கு மூலையுள்ள சின்னக் கூம்பாக மாறிவிடும்.

பயறை முட்ட முட்ட அடைக்காதீர்கள். ரொம்ப நிறைந்த பை பந்து மாதிரி உருளும், புறங்கையில் நிற்காது. ரொம்பக் குறைந்தால் தூக்கிப் போடும்போது உயரம் போகாது. உள்ளங்கையில் வைத்துச் சாய்த்தால் கொஞ்சம் தளர்ந்து கையோடு படிய வேண்டும், அதுதான் அளவு. தையலை நெருக்கமாகப் போடுங்கள். அரிசி இடைவெளி கண்டால் வெளியே வந்துவிடும், அதனால் ஊசி பிடிக்கப் புதியவர்கள் பச்சைப் பயறையே எடுத்துக்கொள்ளுங்கள். 9 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஊசியைத் தனியாகப் பிடிக்க வேண்டாம், ஒரு பெரிய பிள்ளை கூட உட்காருவார்.

ஆட்டம் இப்படித் தொடங்கும்: ஐந்தையும் தரையில் உருட்டிவிட்டு, ஒன்றை எடுத்து மேலே போட்டு, அது கீழே வருவதற்குள் தரையில் ஒன்றைப் பொறுக்கி, அதே கையால் வருவதையும் பிடிக்க வேண்டும். அடுத்த கட்டத்தில் இரண்டிரண்டாக, அதற்கடுத்து மூன்றும் ஒன்றும், பிறகு நான்கையும் ஒரே அள்ளில். கடைசியில் ஐந்தையும் மேலே போட்டுப் புறங்கையில் வாங்கி, அங்கிருந்து மறுபடி மேலே எறிந்து உள்ளங்கையில் பிடிக்க வேண்டும். எத்தனை பிடித்தீர்களோ அத்தனை பழம். பிடிக்கும்போது கையைப் பார்க்காதீர்கள், மேலே போன பையையே பாருங்கள். தரையில் எது எங்கே கிடக்கிறது என்பதை எறிவதற்கு முன்பே பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும்.

நான் பையன். ஐந்தாங்கல் பொண்ணுங்க விளையாட்டுதானே?

எங்கள் அண்ணன்மார் மூவர் நாளைக்கு உங்களோடு உட்கார்ந்து தைக்கப் போகிறார்கள். கை வேகம் வேண்டிய விளையாட்டு இது. கிரிக்கெட்டில் கேட்ச் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் கட்டாயம் பழகுங்கள்.

கிளித்தட்டு எங்கே விளையாடுவோம்? வெளியே வெயிலா இருக்குமே.

தேவானில் பூப்பந்துக் கோடு போட்டிருக்கிறது அல்லவா, அதுதான் நம் தட்டு. வலையைக் கழற்றிவிடுவோம். நீளம் 13.4 மீட்டர், அகலம் 6.1 மீட்டர், உங்கள் வயதுக்கு அது அளவான இடம். பின்கோட்டிலிருந்து சர்வீஸ் கோடு வரை நடுக்கோடு ஏற்கெனவே இருக்கிறது. வலைக்கு அடியில், இரண்டு சர்வீஸ் கோட்டுக்கும் இடையில் மட்டும் நடுக்கோடு கிடையாது, அந்த இடத்தில் நாங்கள் டேப் ஒட்டி இணைப்போம்.

அணிக்கு 5 பேர். அணி பிரிக்க லாட் தாலி லாட் சொல்லி உள்ளங்கையா புறங்கையா என்று காட்ட வேண்டும். யார் யாரைச் சேர்த்துக்கொள்வது என்று தலைவர்கள் பெயர் சொல்லி அழைக்கும் முறை இங்கே கிடையாது. கடைசியாக நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க எங்களால் முடியாது, அதனால் அந்த முறையை வைக்கவே இல்லை.

காக்கும் அணியில் நால்வர் நான்கு குறுக்குக் கோட்டில் நிற்பார்கள்: இரண்டு பின்கோடு, இரண்டு சர்வீஸ் கோடு. அவர்கள் கோட்டின் மேலேயே இடமும் வலமும் ஓடலாம், கோட்டை விட்டு இறங்கக் கூடாது. ஐந்தாவது ஆள்தான் கிளி. அவர் நடுக்கோடு முழுக்க முன்னும் பின்னும் ஓடலாம். தாண்டும் அணி ஒரு முனையில் தொடங்கி எல்லாக் கோட்டையும் தாண்டி மறுமுனைக்குப் போய், திரும்பி வர வேண்டும். யார் கையும் படாமல் ஒருவர் திரும்பி வந்துவிட்டால் அணிக்கு ஒரு பழம். ஒருவரை யாராவது தொட்டுவிட்டால் மொத்த அணியும் மாறும், தாண்டியவர்கள் காக்க வருவார்கள்.

தொட்டா வெளியே உட்காரணுமா?

இல்லை. மேலே சொன்ன மாதிரி அணிதான் மாறும், ஆள் வெளியே போவதில்லை. கிளித்தட்டை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்கு அது பெரிய காரணம். அவுட் ஆன பிள்ளை சுவரோரம் உட்காரும் விளையாட்டுகளில், நன்றாக ஓடத் தெரியாத பிள்ளைதான் முதலில் உட்காரும், அதிக நேரமும் உட்காரும். ஓடிப் பழக வேண்டியதே அந்தப் பிள்ளைதானே.

எப்பவும் முதல் கட்டத்திலேயே மாட்டிக்கிறேன். எப்படித் தாண்டுறது?

நீங்களும் உங்கள் நண்பரும் ஒரே கட்டத்துக்குள் நின்றால் மாட்டிக்கொள்வீர்கள். கோட்டுக்காரர் முன்னால் கையை விரித்து நிற்பார், கிளி பக்கவாட்டில் வந்து நிற்கும், இருவரும் சேர்ந்து அந்த ஒரு கட்டத்தை அடைத்துவிடுவார்கள். ஒருவர் இடக் கட்டத்திலும் ஒருவர் வலக் கட்டத்திலும் நில்லுங்கள். கோட்டுக்காரர் ஒருவர்தான், அவர் இடப்பக்கம் வந்தால் வலப்பக்கம் திறந்துவிடும்.

இன்னொன்று, கோட்டுக்காரரின் முகத்தைப் பார்க்காமல் காலைப் பாருங்கள். அவர் எந்தக் காலில் பாரத்தை வைத்திருக்கிறாரோ அந்தப் பக்கம் உடனே பாய முடியாது, முதலில் மற்றக் காலுக்கு மாற வேண்டும். நீங்கள் ஓடுவது போல் ஒரு பக்கம் உடம்பைச் சாய்த்துக் காட்டி, அவர் நகர்ந்ததும் மறுபக்கம் தாண்டுங்கள். திரும்பி வரும்போது கிளியை மறந்துவிடுவார்கள், அப்போதுதான் நிறையப் பேர் பிடிபடுவது. ஒருவர் தாண்டும்போது மற்றவர்கள் கிளி எங்கே நிற்கிறது என்று கத்திச் சொல்லுங்கள்.

'தொட்டுட்டேன்', 'தொடலை'ன்னு சண்டை வந்தா?

வரும். திடலில் விளையாடினால் கையில் பவுடர் பூசிக்கொள்ளலாம், தொட்ட தடம் சட்டையில் தெரியும். தேவானில் பவுடர் கொட்டினால் தரை வழுக்கும், அதனால் இங்கே வேண்டாம். ஒவ்வொரு குறுக்குக் கோட்டின் ஓரத்திலும் ஒரு பிள்ளை நடுவராக நிற்பார், அந்தக் கோட்டில் அவர் சொல்வதுதான். நடுவரும் பார்க்கவில்லை என்றால், தொடப்பட்ட பிள்ளை சொல்வதை ஏற்றுக்கொள்வோம். தொட்ட நேரத்தில் கோட்டுக்காரரின் கால் கோட்டை விட்டு இறங்கியிருந்தால் அது கணக்கில் வராது, நடுவர் முதலில் பார்க்க வேண்டியது கையை அல்ல, காலை.

கபடி இல்லையா?

இந்தத் தடவை இல்லை. விழுந்து புரளும் விளையாட்டுக்கு மெத்தை விரிப்பு வேண்டும், சிமெண்டுத் தேவானில் வைக்க மாட்டோம்.

என்ன கொண்டு வரணும்?

ரப்பர் அடி போட்ட காலணி, ஒரு லிட்டராவது பிடிக்கும் தண்ணீர்ப் போத்தல், வியர்வை துடைக்க ஒரு துண்டு, மாற்றுச் சட்டை. செலிப்பரோடு கிளித்தட்டு விளையாட விட மாட்டோம். வெறும் காலுறையோடும் கூடாது, தேவான் தரையில் அதுதான் இன்னும் மோசமாக வழுக்கும். காலணி இல்லை என்றால் வெறுங்காலோடு ஆடலாம், அதற்காக வராமல் இருந்துவிடாதீர்கள். மழை பெய்தால் கதவோரம் நனையும், துடைத்து முடிக்கும்வரை அந்தப் பக்கத் தட்டில் ஆட்டம் இருக்காது.

கைப்பேசி வேண்டாம். வீட்டுக்குப் பேச வேண்டுமென்றால் எங்கள் கைப்பேசியில் பேசலாம்.

சாப்பாடு?

காலை 10 மணிக்கு அவித்த சோளம் அல்லது வாழைப்பழம், மைலோ. மதியம் நாசி லெமாக், சம்பாலும் நிலக்கடலையும் தனித்தனியாக இருக்கும், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். சைவப் பிள்ளைகளுக்கு நெத்திலி சேராத சம்பால் தனிச் சட்டியில் இருக்கும். நிலக்கடலையோ முட்டையோ ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளின் பெற்றோர் இன்றைக்கே பதிவு மேசையில் சொல்லிவிட்டுப் போங்கள்.

எனக்குத் தமிழ் அவ்வளவா வராது, அக்கா. பரவாயில்லையா?

பரவாயில்லை. தேசியப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளும் சீனப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள். விதிகளைத் தமிழில் சொல்லுவோம், புரியாவிட்டால் மலாயில் சொல்லுவோம், அதற்கும் மேல் ஆடியே காட்டிவிடுவோம். பக்கத்து வீட்டு மலாய் நண்பரையோ சீன நண்பரையோ கூட்டி வரலாமா என்றும் சிலர் கேட்டீர்கள். கட்டாயம் கூட்டி வாருங்கள், அவர்கள் வீட்டுச் சொங்காக் விதியையும் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.

என் தங்கச்சிக்கு 5 வயசு. அவளும் வரேன்னு அழறா.

முகாம் 7 முதல் 12 வயது வரைதான். கிளித்தட்டில் பெரிய பிள்ளைகள் வேகமாகத் திரும்பும்போது சின்னப் பிள்ளைகள் காலடியில் மாட்டிக்கொள்வார்கள், அதுதான் காரணம். ஆனால் ஐந்தாம் நாள் அவளையும் அழைத்து வாருங்கள். ஓரமாகப் பாய் விரித்து, பெரிய குழி உள்ள பலகை ஒன்றை வைத்திருப்போம், கொட்டைக்குப் பதில் பெரிய மரப்பந்து. ஒரு குழிக்கு இரண்டு வீதம் போட்டு ஆடினால் 5 வயதுப் பிள்ளைக்கும் எண்ண வரும். சொல்லிக்கொடுக்க வேண்டியது நீங்கள்தான், அதனால் இன்றைக்கே விதியை ஒழுங்காகப் பழகிக்கொள்ளுங்கள். சரி, எழுந்திருங்கள், ஒன் டூ சோமுக்கு இடம் விட்டு நில்லுங்கள்.